அத்தியாயம் 7: லூப்பை ஆடவிட்டு அளப்பது

நீராவியால் தண்ணீரைச் சூடாக்கும் ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சரை எடுத்துக்கொள்வோம். 25 டிகிரியில் உள்ளே வரும் தண்ணீர் 85 டிகிரியில் வெளியே போக வேண்டும். வெளியேறும் குழாயில் கொஞ்சம் தள்ளி ஒரு வெப்பநிலை சென்சார். அது கன்ட்ரோலருக்குச் செய்தி சொல்கிறது, கன்ட்ரோலர் நீராவி வால்வைத் திறந்து மூடுகிறது. டிரான்ஸ்மிட்டரின் வீச்சு 0 முதல் 100 டிகிரி. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறேன்: ஒரு டிகிரியும் ஒரு சதவீதமும் ஒன்றாகிவிட்டால் கணக்கு எளிது.

இந்த லூப்பின் குணம் மூன்று எண்களில் அடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வால்வை ஒரு சதவீதம் கூடுதலாகத் திறந்தால் தண்ணீர் கடைசியில் 1.5 டிகிரி ஏறும். திறந்த பிறகு 10 விநாடி வரை சென்சாரில் அசைவே இருக்காது. சூடான தண்ணீர் அங்கே வந்து சேர வேண்டுமே. இதுதான் டெட் டைம். அதன் பிறகு 60 விநாடி டைம் கான்ஸ்டன்ட்டோடு மெதுவாக ஏறும். 85 டிகிரியில் வால்வு 40 சதவீதம் திறந்து நிற்கிறது.

களத்தில் இந்த மூன்று எண்களும் நம் கையில் இருக்காது. அவை தெரியாமலே கன்ட்ரோலரை டியூன் செய்ய ஒரு வழியை 1942-இல் ஜீக்லரும் நிக்கல்ஸும் வெளியிட்டார்கள். இருவரும் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் இருந்த டெய்லர் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். காற்றழுத்தத்தில் ஓடும் கன்ட்ரோலர்களின் காலம் அது. அவர்கள் சொன்னது இதுதான்: புரொபோர்ஷனல் மட்டும் வைத்து, கெயினைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் லூப் கூடாமலும் குறையாமலும் ஒரே அளவில் ஆடும். அந்தக் கெயின் `Ku`, ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் `Tu`. இவை இரண்டும் கிடைத்தால் மற்றவற்றைப் பெருக்கல் வகுத்தலில் எடுத்துவிடலாம்.

ஏன் ஆடுகிறது? கன்ட்ரோலர் இன்று கொடுக்கும் திருத்தம் தாமதமாகப் போய்ச் சேர்கிறது. ஏதோ ஒரு வேகத்தில் ஆடும்போது அந்தத் தாமதம் சரியாக அரை ஆட்டத்துக்குச் சமமாகிவிடும். இறக்க வேண்டும் என்று அனுப்பிய திருத்தம், தண்ணீர் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் போய்ச் சேரும். ஊஞ்சலைத் தடுக்கப் போன கை அதைத் தள்ளிவிட்ட கதை. அந்த வேகத்தில் லூப்பை ஒருமுறை சுற்றி வரும் சிக்னல் போன அளவிலேயே திரும்பி வந்தால் ஆட்டம் நிலைத்து நிற்கும்.

சோதனைக்கு முன்

முதலில் தண்ணீர் அளவும் நீராவி அழுத்தமும் அசையாமல் இருக்கும் நேரத்தைப் பிடியுங்கள். ஆபரேட்டரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள். "அண்ணே, அரை மணி நேரம் இந்த டிரெண்டு ஆடும், கையால எடுத்துடாதீங்க, ஆனா 92-ஐத் தாண்டினா என்னைக் கேக்காம மேனுவல்ல போட்டுடுங்க" என்று எல்லையோடு சொல்லிவிட வேண்டும். எந்த எண்ணில் கையை வைப்பது என்பது சோதனைக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

அடுத்து இன்டெக்ரலையும் டெரிவேட்டிவையும் அணைக்க வேண்டும். `Td`-க்கு 0 போட்டால் போதும். `Ti`-இல்தான் வம்பு. சில கன்ட்ரோலர்களில் `Ti = 0` என்றால் இன்டெக்ரல் இல்லை; வேறு சிலவற்றில் அதுவே மிகக் கடுமையான இன்டெக்ரல். நிமிடத்துக்கு இத்தனை முறை என்று ரீசெட் கேட்கும் கன்ட்ரோலரில் 0 போட்டால் அணைகிறது, விநாடியில் கேட்பதில் மிகப் பெரிய எண் போட வேண்டும். கையேட்டைப் பார்க்காமல் ஊகிக்காதீர்கள். இன்னொன்று: இன்டெக்ரலை அணைத்ததும் சில கன்ட்ரோலர்கள் வால்வை இருந்த 40-லேயே விட்டுவிடும், சில 50 சதவீதத்துக்குத் துள்ளும். அப்படித் துள்ளினால் மேனுவல் ரீசெட் என்ற எண்ணை 40 ஆக்கிக்கொள்ளுங்கள்.

அளவீட்டு ஃபில்டரையும் இப்போதே இறுதி நிலையில் வைத்துவிட வேண்டும். ஃபில்டர் என்பதும் ஒரு தாமதம். டியூன் செய்து முடித்த பிறகு டிரெண்டு அழகாகத் தெரியட்டும் என்று ஃபில்டரைக் கூட்டினால், நீங்கள் அளந்த லூப் அது இல்லை.

ஆட்டம்

கெயின் 2-இல் தொடங்குவோம். செட்பாயிண்ட்டை 85-இலிருந்து 87-க்கு ஏற்றி, பத்துப் பதினைந்து விநாடியில் பழையபடி 85-க்கு இறக்கிவிடுங்கள். லூப்பை ஒரு தட்டுத் தட்டிவிட்டு என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். வெப்பநிலை ஒருமுறை ஏறி இறங்கி, சீக்கிரமே அடங்கிவிடும். கெயினை 4 ஆக்கி மறுபடி தட்டுங்கள். இப்போது தெளிவான அலை வரும். ஒவ்வொரு முகடும் முந்தைய முகட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இதுவரை இரட்டித்தது போதும். இனி சின்னச் சின்னப் படியாகப் போக வேண்டும்.

கெயின் 6-இல் அடுத்த முகடு முந்தையதில் முக்கால் பங்கு. இங்கேதான் பொறுமை போகும். இரண்டு ஆட்டம் மட்டும் பார்த்துவிட்டு "நிலையா ஆடுது சார்" என்பார்கள். நாலைந்து முகடுகளைப் பாருங்கள்: 1 டிகிரி, 0.75, 0.55, 0.4. குறைந்துகொண்டுதான் போகிறது. கெயின் 7-இல் ஒவ்வொரு முகடும் முந்தையதைவிடப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக வளரும். உடனே குறையுங்கள். 6.7-இல் ஆட்டம் அப்படியே நிற்கும். ஐந்து முழு ஆட்டத்துக்கு 188 விநாடி. ஆக `Ku` = 6.7, `Tu` = 37.6 விநாடி. ஒரே ஒரு ஆட்டத்தின் நேரத்தை அளக்காதீர்கள், ஐந்தை அளந்து வகுங்கள்.

இந்த நேரமெல்லாம் வெப்பநிலை டிரெண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவோம். வால்வு அவுட்புட்டையும் அதே திரையில் வைத்திருக்க வேண்டும். வெப்பநிலை மேலும் கீழும் 1 டிகிரி ஆடினால் அவுட்புட் 6.7 சதவீதம் ஆடும். வால்வு 33-க்கும் 47-க்கும் இடையில் போய்வரும். அது சரியான சோதனை. ஆட்டம் 6 டிகிரி ஆகிவிட்டால் அவுட்புட் கீழே 0-வைத் தொடும். 0-க்குக் கீழே வால்வுக்குப் போக இடமில்லை. அதன்பின் ஆட்டம் வளர முடியாமல் ஒரே அளவில் நின்றுவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதில்தான் மாட்டினேன். அவசரத்தில் கெயினை ஒரே தாவலில் ஏற்றினேன். டிரெண்டில் சித்திரம் போலச் சீரான அலை. `Ku` கிடைத்துவிட்டது என்று எழுதிக்கொண்டு கீழே இறங்கிப் போனால், வால்வு ஒவ்வொரு சுற்றிலும் மூடி முட்டிக்கொண்டிருந்தது. ஸ்டெம் அடிவரை போய் ஒரு கணம் நின்று திரும்பியது. நான் பார்த்தது லூப்பின் எல்லையை இல்லை, வால்வின் எல்லையை. நம் உதாரணத்தில் 10-ல் கெயினை வைத்தாலும் இப்படி ஒரு சீரான அலை கிடைக்கும். அதை `Ku` என்று நம்பி 0.6-ஆல் பெருக்கினால் கெயின் 6. உண்மையான எல்லைக்கு ஒரு படிதான் கீழே. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பொய் அலையிலும் ஆட்டத்தின் நேரம் பெரிதாக மாறுவதில்லை. `Tu` சரியாக வருவதால் சந்தேகமே வராது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. அவுட்புட் அலையின் உச்சியோ அடியோ கத்தியால் சீவியது போல் தட்டையாக இருந்தால் அந்தச் சோதனை செல்லாது. சீவல் தெரியாதபோதும் ஒருமுறை கெயினைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். உண்மையான எல்லையில் நிற்கும் லூப் உடனே அடங்கத் தொடங்கும். வால்வு முட்டி நிற்கும் லூப் அலையைச் சற்றுச் சுருக்கிக்கொண்டு ஆடிக்கொண்டே இருக்கும்.

எண்களைப் போடுவது

1942-இன் விதிகள் இவை:

```
P   : Kc = 0.5  Ku
PI  : Kc = 0.45 Ku   Ti = Tu / 1.2
PID : Kc = 0.6  Ku   Ti = Tu / 2    Td = Tu / 8
```

நம் லூப்புக்கு, பிஐ வேண்டுமானால் `Kc` = 3.0, `Ti` = 31 விநாடி. பிஐடி வேண்டுமானால் `Kc` = 4.0, `Ti` = 19 விநாடி, `Td` = 4.7 விநாடி.

இதை அப்படியே தட்டச்சு செய்யப் போகுமுன் கன்ட்ரோலர் என்ன மொழியில் கேட்கிறது என்று பாருங்கள். கெயினுக்குப் பதில் புரொபோர்ஷனல் பேண்ட் கேட்டால் 100-ஐ 3.0-ஆல் வகுத்து 33 போட வேண்டும். `Ti` நிமிடத்தில் என்றால் 0.52, நிமிடத்துக்கு இத்தனை முறை என்றால் 1.9. நிமிடம் கேட்கும் இடத்தில் 31 போட்டவருக்கு லூப் 84-இலேயோ 86-இலேயோ போய் உட்கார்ந்துகொண்டு, செட்பாயிண்ட்டுக்கு வர மணிக்கணக்கில் ஆகும். விநாடி கேட்கும் இடத்தில் 0.52 போட்டவருக்கு வால்வு அந்த நிமிடமே வெறிபிடித்து ஆடும். இரண்டாவது தவறு உடனே தெரிந்துவிடும். முதலாவதைப் பல ஷிப்டுகள் யாரும் கவனிக்காமல் விடுவதுண்டு.

பிஐடி போடுபவர் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மேலே உள்ள விதி மூன்று உறுப்புகளும் தனித்தனியாகக் கூடும் ஐடியல் வடிவத்துக்கு. காற்றழுத்தக் கன்ட்ரோலர்களின் வழியில் வந்த பல கருவிகள் சீரிஸ் வடிவம். அதில் இன்டெக்ரலும் டெரிவேட்டிவும் ஒன்றையொன்று பெருக்கும். அதே நடத்தை சீரிஸில் வேண்டுமென்றால் `Kc` = 0.3 `Ku`, `Ti`-உம் `Td`-உம் இரண்டுமே `Tu/4`. ஐடியல் எண்களை மாற்றாமல் சீரிஸ் கருவியில் போட்டால் கெயின் நடைமுறையில் 0.75 `Ku` ஆகிவிடும். ஏற்கெனவே துணிச்சலான விதி, அதன்மேல் இன்னும் கால் பங்கு.

டெரிவேட்டிவைப் பற்றி என் கருத்து: இந்த மாதிரி லூப்பில் பெரும்பாலும் பிஐ போதும். சென்சாரில் 0.1 டிகிரி துள்ளல் இருக்கிறது, கன்ட்ரோலர் அரை விநாடிக்கு ஒருமுறை ஓடுகிறது என்று வையுங்கள். ஃபில்டர் இல்லாத டெரிவேட்டிவ் ஒவ்வொரு துள்ளலுக்கும் வால்வை 4.0 × 4.7 ÷ 0.5 × 0.1, அதாவது கிட்டத்தட்ட 4 சதவீதம் அசைக்கும். இரண்டே மாதத்தில் கிளாண்ட் பேக்கிங்கில் நீராவி கசியும்போது காரணம் தேடி யாரும் டியூனிங்குக்கு வரமாட்டார்கள்.

விதி எங்கே உதவாது

ஜீக்லரும் நிக்கல்ஸும் தங்களுக்கு எது நல்ல நடத்தை என்று ஒரு அளவுகோல் வைத்திருந்தார்கள்: அடுத்தடுத்த முகடுகள் நாலில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். லோடு திடீரென்று மாறினால் சீக்கிரம் பிடித்து நிறுத்த அது பொருத்தம். ஆனால் செட்பாயிண்ட்டை மாற்றும்போது அதே லூப் தாண்டிக் குதித்து, இரண்டு மூன்று முறை ஆடித்தான் நிற்கும். ஆகவே சோதனை முடிந்து எண்களைப் போட்ட பிறகு லூப் ஆடினால், எதிலோ பிழை செய்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். விதி கேட்டதைத்தான் லூப் செய்கிறது. ஆட்டம் உங்களுக்கு வேண்டாம் என்றால் வேறு விதியைத்தான் எடுக்க வேண்டும்.

அளந்த `Ku`, `Tu` வீணாகாது. அதே இரண்டு எண்களிலிருந்து 1992-இல் டைரியஸும் லூபனும் நிதானமான ஒரு விதி கொடுத்தார்கள்: பிஐ-க்கு `Kc = Ku/3.2`, `Ti = 2.2 Tu`. நம் லூப்பில் `Kc` = 2.1, `Ti` = 83 விநாடி. பிடிப்பது மெதுவாக இருக்கும், ஆனால் குதிக்காது. நான் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் இங்கிருந்துதான் தொடங்குகிறேன், தேவையானால் கூட்டுகிறேன். காரணம் அடுத்த பத்தியில்.

அளந்தது அந்த நேரத்து லூப்பை. மதியம் தண்ணீர் ஓட்டம் பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே நீராவி பாதித் தண்ணீரைச் சூடாக்குகிறது, எனவே வால்வின் ஒரு சதவீதத்துக்கு இப்போது 3 டிகிரி. தண்ணீர் மெதுவாகப் போவதால் சென்சாருக்கு வந்து சேரும் தாமதமும் கூடுகிறது. டெட் டைம் 15 விநாடி, டைம் கான்ஸ்டன்ட் 80 விநாடி என்று எடுத்துக் கணக்குப் போட்டால் புது `Ku` வெறும் 3.0, `Tu` 56 விநாடி. காலையில் போட்ட பிஐடியின் கெயின் 4.0. எல்லையையே தாண்டிவிட்டது, லூப் வளர்ந்து வளர்ந்து ஆடும். பிஐ-இன் 3.0 எல்லையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, இன்டெக்ரலின் தாமதம் சேர்ந்ததும் அதுவும் போய்விடும். 2.1 மட்டும் தப்பிக்கிறது, அதுவும் ஆட்டத்தோடுதான்.

ஆகவே இந்த வகை லூப்பைக் குறைந்த ஓட்டத்தில் சோதியுங்கள். அங்கே அடங்கும் லூப் நிறைந்த ஓட்டத்தில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். மேலே போட்டது லீனியர் வால்வுக்கான கணக்கு. ஈக்குவல் பர்சன்டேஜ் வால்வு என்றால் திறப்பு குறையும்போது வால்வின் சொந்தக் கெயினும் குறைந்து, தண்ணீர் பக்கம் கூடியதை ஓரளவு சமன் செய்யும். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் அந்த வகையைப் போடுவதே அதற்காகத்தான்.

எல்லையே கிடைக்காத லூப்களும் உண்டு. ஒரு தொட்டியின் நீர்மட்டத்தை எடுங்கள். வால்வைத் திறந்த கணமே மட்டம் நகரத் தொடங்குகிறது, டெட் டைம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தாமதம் அரை ஆட்டத்தை எட்டவே எட்டாது, அதனால் கணக்குப்படி எந்தக் கெயினிலும் அது நிலையாக ஆடாது. களத்தில் கெயினை 20, 40 என்று ஏற்றினால் கடைசியில் ஏதோ ஒன்று ஆடத்தான் செய்யும். ஆனால் அப்போது ஆடுவது கன்ட்ரோலரின் ஸ்கேன் நேரமும் ஃபில்டரும் வால்வு பொசிஷனரும். கிடைக்கும் `Tu` ஸ்கேன் நேரத்தைப் போல ஐந்தாறு மடங்குதான் இருந்தால் நீங்கள் தொட்டியை அளக்கவில்லை, பிஎல்சியை அளந்திருக்கிறீர்கள். அந்த எண்களைக் கொண்டு எதையும் டியூன் செய்யாதீர்கள்.

வெப்பத்தை வெளிவிடும் ரியாக்டர், பாய்லர் டிரம், ஒன்றோடொன்று பின்னிய டிஸ்டிலேஷன் லூப்கள் ஆகியவற்றில் எல்லை இருக்கிறது. ஆனால் அதைப் போய்த் தொட்டுப் பார்க்க முடியாது. இப்படிப்பட்ட இடங்களுக்கு ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆஸ்ட்ரோமும் ஹெக்லுண்டும் 1984-இல் வேறு வழி காட்டினார்கள். கெயினை ஏற்ற வேண்டாம். வால்வை ரிலே போல 45-க்கும் 35-க்கும் இடையில் மட்டும் மாற்றுங்கள். வெப்பநிலை செட்பாயிண்ட்டுக்குக் கீழே போனால் 45, மேலே வந்தால் 35. லூப் தானாகவே `Tu`-க்கு அருகிலான காலத்தில் ஆடும், எவ்வளவு ஆடும் என்பது நம் கையில். பல கன்ட்ரோலர்களில் `AUTOTUNE` பொத்தானுக்குப் பின்னால் நடப்பது இதன் ஏதோ ஒரு வடிவம்தான்.

நம் லூப்பில் இதைச் செய்தால் வெப்பநிலை மேலும் கீழும் 1.15 டிகிரி ஆடும், ஒரு ஆட்டத்துக்கு 37 விநாடி. சூத்திரம் `Ku = 4d/(πa)`. இதில் `d` ரிலேயின் 5 சதவீதம், `a` அந்த 1.15. போட்டுப் பார்த்தால் 5.5 வருகிறது. கெயினை ஏற்றி அளந்தபோது கிடைத்தது 6.7. காலம் ஒத்துப்போகிறது, கெயின் 18 சதவீதம் குறைவு. சூத்திரம் அலையை ஒரு சைன் அலை என்று எடுத்துக்கொள்வதால் வரும் வித்தியாசம் அது; நம் வெப்பநிலை டிரெண்டு முக்கோணத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது. பிழை பாதுகாப்பான பக்கம் விழுந்திருப்பதால் எனக்கு இதில் புகார் இல்லை.

எந்த வழியில் அளந்தாலும் லூப் கார்டில் `Ku`, `Tu` இரண்டை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். அன்றைய தண்ணீர் ஓட்டம், வால்வு நின்ற சதவீதம், ஃபில்டர் விநாடி, சோதனையில் அவுட்புட் போய்வந்த இரு முனைகள் ஆகியவற்றையும் அதே வரியில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து லூப் ஆடுகிறது என்று கூப்பிடும்போது, நீங்கள் முதலில் பார்க்கப்போவது அந்த ஓட்டத்தின் எண்ணைத்தான்.